சல எரிவும் அடிக்கடி முட்டுதலும்: பாமசியில் வாங்கிய நான்கு குளிசையோடு விட்டுவிடலாமா?

களுவாஞ்சிக்குடி ஆசிரியை | 15 மார்ச் 2025, பி.ப. 4.10

என் தங்கைக்கு வயது 29. படுவான்கரையில் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சலம் கழிக்கும்போது கடைசித் துளிகளில் தாங்க முடியாத எரிவு. எழும்பி வந்தவுடனேயே மறுபடியும் முட்டுகிறது, போனால் சில துளிகள்தான் வருகின்றன. திங்கட்கிழமை பாடசாலை விட்டு வரும் வழியில் ஒரு பாமசியில் சொல்லி, சிப்ரோபுளொக்சசின் 500 மில்லிகிராம் குளிசை நான்கும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் சிட்ரேட் தூளும் வாங்கிக்கொண்டாள். அங்கே வைத்தியரின் துண்டு எதையும் கேட்கவில்லை. காலையும் மாலையுமாக இரண்டு நாள் குடித்தாள், புதன்கிழமை எரிவு ஏறத்தாழ அடங்கிவிட்டது.

நேற்று மாலை எரிவு திரும்பவும் தொடங்கியது. இன்று வலப்பக்கம், நாரிக்குச் சற்று மேலே, விலா எலும்பு முடியும் இடத்தில் நோகிறது என்கிறாள். மதியம் இந்த வெயிலிலும் போர்வை கேட்டாள். பனடோல் இரண்டு குடித்த பிறகு உடம்பு சுடவில்லை. திங்கட்கிழமை பாடசாலைக்குப் போக வேண்டும், அதே குளிசையில் இன்னும் நான்கு வாங்கினால் போதும் என்பது அவள் எண்ணம். போதுமா, வேறு குளிசை கேட்க வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சம்மாந்துறை வயற்காரர் | 15 மார்ச், பி.ப. 4.32

தங்கச்சி, இது உடற்சூடு. அறுவடைக் காலத்தில் என் மனைவிக்கும் ஒவ்வொரு முறையும் வருவதுண்டு. வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் சலம் மஞ்சளாகி எரியத்தான் செய்யும். காலையில் ஓர் இளநீர், பகலில் பார்லித் தண்ணீர், இரவில் நெருஞ்சில் கசாயம் கொடுங்கள், இரண்டு நாளில் தெளிந்துவிடும். தொடங்கிய குளிசையை மட்டும் இடையில் விட்டிருக்கக் கூடாது. இன்னும் நான்கு வாங்கி முடித்துவிடுவது நல்லது.

ஓய்வுபெற்ற தாதி, கல்முனை | 15 மார்ச், பி.ப. 5.02

மகள், நீங்கள் எரிவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதியதில் முக்கியமான இடம் கடைசியில் இருக்கிறது. எரிவும் முட்டுதலும் மட்டும் இருக்கும்வரை நோய் சலப்பையில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு பக்க விலாவுக்குக் கீழே நோவும், போர்வை கேட்கும் குளிரும் சேர்ந்துவிட்டால் கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறது என்றே நினைத்து நடக்க வேண்டும். உடம்பு சுடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பனடோல் குடித்து ஒரு மணித்தியாலம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் பலருக்குச் சுடாது.

இப்போது மூன்று விடயங்களைப் பாருங்கள். அவளைக் குப்புறக் குனிந்து இருக்கச் சொல்லி, முதுகில் கடைசி விலா எலும்புக்கும் முள்ளந்தண்டுக்கும் இடையே உள்ள மூலையில் உள்ளங்கையை வைத்து, மற்றக் கை முட்டியால் அதன்மேல் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுங்கள். இடப்பக்கம் தட்டும்போது பேசாமல் இருந்து, வலப்பக்கம் தட்டும்போது துள்ளினால் எனக்கு அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. இரண்டாவது, சத்தி வருகிறதா? சத்தி எடுப்பவருக்கு எந்தக் குளிசையும் உள்ளே தங்காது. மூன்றாவது, கடைசியாக மாதவிடாய் வந்த திகதியைக் கேளுங்கள். திருமணமான பிள்ளைக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த மருந்தையும் கொடுக்கக் கூடாது. கருவுற்றிருந்தால் சிப்ரோபுளொக்சசின் பொதுவாகத் தவிர்க்கப்படும் மருந்து. கர்ப்பிணிக்குச் சிறுநீரகத்தில் கிருமி ஏறினால் குறைமாதப் பிரசவம் வரையும் கொண்டுபோகலாம்.

இன்று இரவே ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், திங்கள்வரை வைத்திருக்க வேண்டாம். நடுக்கம் கூடினாலோ பேச்சுத் தடுமாறினாலோ வாகனம் தேடி நேரம் போக்காமல் 1990 இற்கு அழையுங்கள், அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. போகும்வரை வேறு அன்டிபயோட்டிக் கொடுக்காதீர்கள். குடித்து முடித்த குளிசையின் வெற்று அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள்.

கல்லடி வாசி | 15 மார்ச், பி.ப. 5.15

எனக்கும் இதே பிரச்சினை இருக்கிறது. வயது 54. இரவில் நான்கைந்து முறை எழும்ப வேண்டியிருக்கிறது, ஆனால் எரிவு இல்லை, நிறையவே போகிறது. நானும் அந்தச் சிட்ரேட் தூளைக் குடித்துப் பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற தாதி, கல்முனை | 15 மார்ச், பி.ப. 5.21

தம்பி, உங்களுடையது இதுவல்ல. எரிவில்லாமல் ஒவ்வொரு முறையும் நிறையப் போகிறதென்றால் நாளைக் காலை வெறும் வயிற்றில் இரத்தச் சீனியைப் பாருங்கள். தூள் வேண்டாம். சீனி சரியாக இருந்தால் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை | 15 மார்ச், பி.ப. 5.44

தட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கம் நான் தட்டி முடிக்கும் முன்பே கையைத் தள்ளிவிட்டாள். மாதவிடாய் வர வேண்டிய திகதி தாண்டி சில நாட்கள் ஆகின்றன என்று இப்போதுதான் சொல்கிறாள். வெப்பமானி 38.4 காட்டுகிறது, பனடோல் குடித்த பிறகும் இவ்வளவு. புறப்படுகிறோம்.

மருதமுனைத் தறி | 15 மார்ச், பி.ப. 9.50

ரீச்சர், தங்கச்சிக்கு நலம் உண்டாகட்டும். தராவீஹ் முடிந்து வந்து இதைப் படித்தேன், எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நான் தறியில் வேலை செய்பவள். நோன்பு தொடங்கி முதற் கிழமையிலேயே சலம் எரியத் தொடங்கிவிட்டது. ஆனால் என்னுடையதில் அரிப்பும் இருக்கிறது, தயிர்போல வெள்ளையும் படுகிறது. முட்டுதல் அவ்வளவாக இல்லை, மேல்தோல் மீது சலம் படும்போதுதான் எரிகிறது. மச்சாள் தன்னிடம் மீதமாக இருந்த அமொக்சிசிலின் மூன்று நாளைக்குத் தந்தார். அதன் பிறகு அரிப்புக் கூடிவிட்டது. ஆண் வைத்தியரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. இதுவும் மேலே ஏறிவிடுமா?

ஓய்வுபெற்ற தாதி, கல்முனை | 15 மார்ச், பி.ப. 10.30

நீங்கள் கவனித்து எழுதியிருப்பது மிகவும் உதவுகிறது. எரிவு என்று சொல்லி வரும் பெண்ணிடம் நாங்கள் முதலில் கேட்பது, எரிவு உள்ளே இருந்து வருகிறதா, வெளியே சலம் படும் இடத்தில் வருகிறதா என்பதுதான். எரிவும் அடிக்கடி முட்டுதலும் சேர்ந்திருந்து, வெள்ளைபடுதலும் அரிப்பும் இல்லாதிருந்தால் பத்தில் ஒன்பது பேருக்குச் சலப்பைக் கிருமிதான். அரிப்பும் தயிர் போன்ற வெள்ளையும் இருந்தால் எண்ணம் பூஞ்சைப் பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது என்பதோடு நிற்காது. யோனியில் பூஞ்சையை அடக்கி வைத்திருக்கும் நல்ல கிருமிகளையும் அது கொன்றுவிடுவதால் பூஞ்சை இன்னும் செழிக்கும். மச்சாளின் குளிசைக்குப் பிறகு அரிப்புக் கூடியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பூஞ்சை சிறுநீரகத்துக்கு ஏறும் என்று பயப்பட வேண்டாம். ஆனாலும் பார்க்காமல் நான் பெயர் வைக்க மாட்டேன். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அங்கே பரிசோதனையின்போது பெண் ஊழியர் கூடவே இருப்பார். சீனியையும் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பப் பூஞ்சை வரும் பெண்களிடம் சில வேளை அதுதான் மறைந்திருக்கும்.

நோன்பைப் பற்றி மார்க்கம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். சலப்பைக் கிருமி உறுதியாகி, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குளிசையும் நிறையத் தண்ணீரும் வேண்டுமென்று வைத்தியர் சொன்னால், அந்த நாட்களில் நோன்பை விட்டுப் பிறகு பிடிக்க நோயாளிக்கு அனுமதி உண்டு என்பதை வார்ட்டில் எத்தனையோ தாய்மார் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை | 16 மார்ச், மு.ப. 7.20

இரவு அனுமதித்துவிட்டார்கள். வாசலில் பார்த்தபோது காய்ச்சல் 39.2, நாடி 118. கர்ப்பப் பரிசோதனைதான் முதலில் செய்தார்கள், இல்லை என்று வந்தது. சலத்தில் சீழ்க்கலங்கள் எண்ண முடியாத அளவுக்கு நிறைந்திருப்பதாக அறிக்கை. ஊசி ஏற்றுவதற்கு முன்பே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சலமும் இரத்தமும் எடுத்துவிட்டு, செபலோஸ்போரின் வகை ஊசியைத் தொடங்கினார்கள்.

வைத்தியர் வெற்று அட்டையைப் பார்த்துவிட்டு அதிக நேரம் பேசினார். ஏசவில்லை. எத்தனை குளிசை, எந்த நேரத்தில், கடைசிக் குளிசை எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு தங்கையிடம், பாடசாலையில் காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணிவரை ஏன் ஒருமுறையும் போவதில்லை என்று கேட்டார். அங்கே கழிவறையில் தண்ணீர் வராது, கதவும் பூட்டாது, அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்று அவள் சொன்னபோதுதான் எனக்கே இது தெரிய வந்தது.

நுணுக்குக்காட்டி | 16 மார்ச், மு.ப. 11.05

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ஊசிக்கு முன்பே கல்ச்சர் எடுத்தது நல்லது. ஆனால் அதற்கும் சில நாட்களுக்கு முன் அவர் நான்கு குளிசை குடித்திருக்கிறார் என்பதால் முடிவு எப்படியும் வரலாம். அரைகுறையாக மருந்து உள்ளே போன சலத்தில் கிருமி உயிரோடு இருந்தும் தட்டில் வளராமல் போவதுண்டு. அப்போது நாங்கள் வளர்ச்சி இல்லை என்று எழுதுவோம். நோயாளி அதை நோய் இல்லை என்று வாசிப்பார். முதல் எரிவு வந்த ஞாயிறோ திங்களோ ஒரு மாதிரி கொடுத்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

மாதிரி கொண்டுவரும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். சென்ற மாதம் ஒருவர் வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஜாம் போத்தல் ஒன்றில் விடியற்காலைச் சலத்தைப் பிடித்து, மோட்டார் சைக்கிளின் கைபிடியில் பையில் தொங்கவிட்டபடி பத்தரை மணிக்கு வந்தார். போத்தல் கையில் சூடாக இருந்தது. மூடியின் உட்பக்கத்தில் பழைய ஜாம் ஒட்டியிருந்தது. நம்முடைய வெயிலில் சலத்திலுள்ள ஒரு கிருமி இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். தோலிலிருந்து தவறி விழுந்த கிருமிகூட அந்தப் பயணத்திலேயே இலட்சக்கணக்கில் பெருகிவிடும். ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலை வாங்கி, தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுவர வேண்டும். தூரமென்றால் வைத்தியசாலைக்கு வந்து அங்கேயே பிடியுங்கள்.

சம்மாந்துறை வயற்காரர் | 16 மார்ச், பி.ப. 1.40

தங்கைக்குச் சுகமாகட்டும். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். என் மனைவி எத்தனையோ முறை இளநீரும் பார்லியும் குடித்துச் சுகமானவர். ஒருமுறைகூட மேலே ஏறவில்லை. அது எப்படி?

ஓய்வுபெற்ற தாதி, கல்முனை | 16 மார்ச், பி.ப. 3.15

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். அறுவடை வெயிலில் தண்ணீர் குறைந்து சலம் கடுமையாகும்போது கிருமியே இல்லாமலும் எரியும், அதற்குத் தண்ணீரே மருந்து. உண்மையான சலப்பைக் கிருமியும் ஆரோக்கியமான இளம் பெண்கள் பலரிடம் தானாகவே அடங்கும். ஜெர்மனியில் பெண்களை இரு பிரிவாக்கி ஒரு பிரிவினருக்கு அன்டிபயோட்டிக்கும் மற்றவர்களுக்கு நோவுக் குளிசையான இபுபுரோபனும் கொடுத்துப் பார்த்தார்கள், 2015 இல் அந்த முடிவு வெளிவந்தது. நோவுக் குளிசை குடித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அன்டிபயோட்டிக் இல்லாமலே குணமடைந்தார்கள். ஆனால் சிறுநீரகத்துக்கு ஏறியவர்கள் அந்தப் பிரிவில்தான் கூடுதலாக இருந்தார்கள். யாருக்கு ஏறும் என்று முன்கூட்டியே முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே எரிவு தொடங்கிய முதல் நாள் தண்ணீர் குடித்துப் பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன், அவர் கர்ப்பிணியாகவோ சீனி நோயாளியாகவோ இல்லாவிட்டால். இரண்டாம் நாளும் எரிவு குறையாவிட்டாலோ, சலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காட்ட வேண்டும். இன்னொன்று, சிட்ரேட் தூள் பைக்கற்றை வாசித்துப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. இளநீரிலும் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களும் பிரஷருக்கு லோசார்ட்டான் போன்ற குளிசை குடிப்பவர்களும் இவற்றை அளவில்லாமல் குடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பும். உங்கள் மனைவிக்குச் சரியாக இருந்தது உங்கள் மாமியாருக்குச் சரியாக இராது.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை | 18 மார்ச், பி.ப. 6.30

இரண்டு நாளாகக் காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாகவே இருந்தது. இன்று கல்ச்சர் அறிக்கை வந்திருக்கிறது. ஈ.கோலை கிருமி வளர்ந்திருக்கிறது. பட்டியலில் சிப்ரோபுளொக்சசினுக்கு எதிரே எதிர்ப்பு என்றும், தொடங்கிய ஊசி வகைக்கு எதிரேயும் எதிர்ப்பு என்றும் இருக்கிறது. நைட்ரோபியூரன்டொயின், அமிகாசின், மெரொபெனெம் ஆகியவற்றுக்கு மட்டும் பணியும் என்று போட்டிருக்கிறது. உடனே மெரொபெனெமுக்கு மாற்றிவிட்டார்கள், எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றுகிறார்கள்.

எனக்கு விளங்காதவை இரண்டு. கிருமி சிப்ரோவுக்குப் பணியாதென்றால் அந்தப் புதன்கிழமை எரிவு எப்படி நின்றது? நைட்ரோபியூரன்டொயின் குளிசைக்குப் பணியும் என்று அறிக்கையிலேயே இருக்கும்போது, ஏன் கையில் ஊசி குத்தி வார்ட்டில் வைத்திருக்கிறார்கள்? வார்ட்டில் கேட்டேன், சுற்று நேரத்தில் முழுமையாக விளக்க அவர்களுக்கு அவகாசம் இருக்கவில்லை.

சம்மாந்துறை வயற்காரர் | 18 மார்ச், பி.ப. 6.52

அப்படியானால் பாமசிக்காரர் கொடுத்த குளிசை பிழையே தவிர, பாமசிக்குப் போனது பிழை இல்லை. நைட்ரோபியூரன்டொயின் வாங்கியிருந்தால் வீட்டிலேயே முடிந்திருக்கும்.

நுணுக்குக்காட்டி | 18 மார்ச், பி.ப. 8.10

முதற் கேள்விக்கு நான் சொல்கிறேன். தட்டில் நாங்கள் எதிர்ப்பு என்று எழுதுவது பெரும்பாலும் இரத்தத்தில் அந்த மருந்து எட்டக்கூடிய அளவை மனதில் வைத்துத்தான். சிப்ரோபுளொக்சசின் சலத்தில் அதைவிடப் பல மடங்கு செறிவாகச் சேரும். அதனால் சலப்பையில் மிதக்கும் கிருமிகளின் எண்ணிக்கை சில நாட்களுக்குக் கீழே விழுந்திருக்கலாம். சிட்ரேட் தூள் சலத்தின் புளிப்பைக் குறைத்திருக்கும், வழமையைவிடக் கூடுதலாகத் தண்ணீரும் குடித்திருப்பார். எரிவு குறைந்ததற்கு இவை போதும். கிருமி அழிந்ததற்கு அது சான்று ஆகாது. மிஞ்சியவை சலப்பைச் சுவரில் ஒட்டியபடி இருந்து, மருந்து நின்றதும் பெருகியிருக்கும். இவருடைய விடயத்தில் இப்படித்தான் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். முதல் நாளிலேயே பணியாத கிருமியா, வேறு கிருமிகளோடு கலந்திருந்து இது மட்டும் மிஞ்சியதா என்பதை அறிய, அந்த முதல் மாதிரி நம்மிடம் இல்லை.

ஓய்வுபெற்ற தாதி, கல்முனை | 18 மார்ச், பி.ப. 9.25

இரண்டாவது கேள்விக்கும் வயற்காரத் தம்பிக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நைட்ரோபியூரன்டொயின் ஒரு விசேடமான மருந்து. குடித்தவுடன் குடலால் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் தங்காமல் விரைவாகச் சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டுச் சலப்பைக்குப் போய்விடும். அதனால் சலத்தில் அது நிறைய இருக்கும், சலம் கபில நிறமாகக்கூடப் போகும். அந்தக் காரணத்தாலேயே சலப்பைக் கிருமிக்கு இன்றும் அது முதன்மையான குளிசை. வழமையாக ஐந்து நாள். ஆனால் சிறுநீரகத்தின் சதைக்குள் கிருமி புகுந்த பிறகு அங்கே வேண்டியது சதையிலும் இரத்தத்திலும் தங்கும் மருந்து. இதுவோ அங்கே தங்காமல் வழிந்து ஓடிவிடுகிறது. கூரையிலிருந்து பீலி வழியே ஓடும் மழைத் தண்ணீரால் சுவருக்குள் பிடித்த தீயை அணைக்க முடியாது. அறிக்கை பொய் சொல்லவில்லை, கிருமி அந்த மருந்துக்குப் பணியும். மருந்துதான் கிருமி இருக்கும் இடத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேராது.

தாமதத்தின் விலையை இங்கே பாருங்கள். ஒன்பதாம் திகதி சலப்பையில் இருந்ததும் பதினைந்தாம் திகதி சிறுநீரகத்தில் இருந்ததும் இதே கிருமி என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாட்களில் அது ஐந்து நாள் குளிசையோடு வீட்டிலேயே முடிந்திருக்கக்கூடிய நோய். ஒரு கிழமைக்குள் கிருமி மாறாமலே, இருக்கும் இடம் மாறியதால், வாயால் குடிக்கும் மருந்தில் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சாமல் போய்விட்டது. மெரொபெனெம் என்பது அவசர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடுபவர்களுக்காக நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஊசி.

தம்பி, சரியான குளிசையைப் பாமசியில் வாங்கியிருக்கலாம் என்கிறீர்கள். எது சரி என்பதை அறிக்கை வந்த பிறகு நாம் எல்லோரும் சொல்லலாம். திங்கட்கிழமை அந்த மேசைக்குப் பின்னால் நின்றவருக்கு, அவள் கர்ப்பிணியா என்பதும் தெரியாது, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்பதும் தெரியாது, இதற்கு முன் என்ன குளிசை குடித்தாள் என்பதும் தெரியாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நைட்ரோபியூரன்டொயினும் ஆகாது. பிரசவத்தை நெருங்கியவர்களுக்கும் கொடுப்பதில்லை. துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக் கூடாது என்ற விதி இதற்காகத்தான் இருக்கிறது.

ஆரையம்பதி அம்மம்மா | 19 மார்ச், மு.ப. 10.00

பேத்தி தட்டெழுதித் தருகிறாள். எனக்கு 66 வயது. ஈராண்டுகளாக எரிவும் முட்டுதலும் வரும், ஒவ்வொரு முறையும் யாராவது ஓர் அன்டிபயோட்டிக் தருவார்கள், சற்றுக் குறையும், மறுபடி வரும். ஒரு பெண் வைத்தியர்தான் பழைய அறிக்கைகளை எல்லாம் விரித்து வைத்துப் பார்த்து, பெரும்பாலானவற்றில் கிருமியே வளரவில்லை என்று காட்டினார். மாதவிடாய் நின்ற பிறகு அவ்விடத்துத் தோல் மெலிந்து வறண்டுபோவதால் வரும் எரிவு என்றார். உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் கிறீம் தந்தார். இரண்டு, மூன்று மாதத்தில் எரிவு நின்றது. இவ்வளவு காலமும் நான் விழுங்கிய குளிசைகளை நினைத்தால் மனம் பதைக்கிறது. வயதான பெண்கள் இதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மருதமுனைத் தறி | 21 மார்ச், பி.ப. 2.20

கிளினிக்குக்குப் போய் வந்தேன், ராத்தா ஒருவர் கூடவே இருந்தார். பூஞ்சைதான். உள்ளே வைக்கும் குளிசை ஆறு இரவுக்குத் தந்தார்கள், மூன்று இரவு முடிந்ததும் அரிப்பு அடங்கிவிட்டது. முழுவதையும் வைத்து முடிப்பேன். மச்சாளுக்கும் விளங்கப்படுத்தி, மீதக் குளிசை வைத்திருந்த தகரத்தை வெறுமையாக்கச் செய்துவிட்டேன். ரீச்சர், தங்கச்சி எப்படி இருக்கிறார்?

களுவாஞ்சிக்குடி ஆசிரியை | 26 மார்ச், பி.ப. 5.10

நேற்று வீட்டுக்கு விட்டார்கள். ஊசி மாற்றிய மறுநாள் இரவே காய்ச்சல் இறங்கியது, பிறகு ஏறவில்லை. இரத்தக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. காய்ச்சல் உடனே அடங்காததால் ஸ்கானும் எடுத்தார்கள். கல்லும் இல்லை, சீழ்க்கட்டியும் இல்லை. ஊசியை வார்ட்டிலேயே முடித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள், அதற்குப் பதிலாகக் கொடுக்க வாய்வழி மருந்து எதுவும் அறிக்கையில் இல்லை என்பதை இம்முறை நாங்களே விளங்கிக்கொண்டோம்.

பாடசாலைக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் போடவும் தண்ணீர்த் தாங்கி வைக்கவும் அதிபரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறாள். மற்ற ஆசிரியைகள் நால்வரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அவர்களில் இருவருக்கு இதே எரிவு அடிக்கடி வருவதாம், இதுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

இப்போது ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. கிருமி முற்றாகப் போய்விட்டதா என்று அறிய மறுபடியும் கல்ச்சர் கொடுக்க வேண்டுமா? வீட்டுக்கு விடும் துண்டில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

நுணுக்குக்காட்டி | 26 மார்ச், பி.ப. 7.30

இந்தளவு எதிர்ப்புள்ள கிருமி என்றால் மருந்து முடிந்து ஒரு கிழமையின் பின் ஒரு மாதிரி கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம். அடுத்த முறை வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு இருக்கும்.

ஓய்வுபெற்ற தாதி, கல்முனை | 26 மார்ச், பி.ப. 8.05

இதில் நான் உடன்படவில்லை. கர்ப்பிணி என்றால் கட்டாயம் கொடுக்க வேண்டும். எரிவும் காய்ச்சலும் இல்லாத, கர்ப்பமில்லாத பெண்ணிடம் மாதிரி எடுத்தால், நோய் செய்யாமல் சும்மா இருக்கும் கிருமி வளர்ந்து வரக்கூடும். அந்தக் காகிதத்தைக் கண்டு யாராவது மறுபடியும் அன்டிபயோட்டிக் தொடங்கிவிடுவார்கள், அது இன்னும் எதிர்ப்பைத்தான் வளர்க்கும். தண்ணீரை மட்டும் இப்போது குடிப்பதைவிட ஒன்றரை லீற்றர் கூட்டிக் குடிக்கட்டும். அடிக்கடி வரும் பெண்களுக்கு அது வருவதைக் குறைக்கிறது என்று முறையாகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

நுணுக்குக்காட்டி | 26 மார்ச், பி.ப. 8.40

அக்கா சொல்லும் ஆபத்து உண்மைதான், தேவையில்லாமல் வந்த மாதிரிகளுக்கு நாங்கள் எழுதிய அறிக்கைகளால் சிலர் மருந்து குடித்திருக்கிறார்கள். ஆனாலும் கிளினிக் வைத்தியரிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும். எது எப்படியானாலும் அந்தக் கல்ச்சர் அறிக்கையைப் பிரதி எடுத்து வைத்திருங்கள். மீண்டும் எரிவு தொடங்கினால், குளிசை எதுவும் வாயில் போடும் முன், அதையும் கொண்டு வைத்தியரிடம் போய், அங்கேயே போத்தல் வாங்கி மாதிரி கொடுங்கள்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை | 26 மார்ச், பி.ப. 9.00

கிளினிக் ஏப்ரல் 10 ஆம் திகதி. இருவர் சொன்னதையும் எழுதி எடுத்துப் போய்க் கேட்டுவிட்டு, வைத்தியர் சொல்வதை இங்கே பதிகிறேன்.